சுத்தியல் விழும் 2 நொடி

‘ஃப்ரெண்ட்ஸ்’ (2001) படத்தில் நேசமணி தலையில் சுத்தியல் விழும் இடத்தை, பிரிக்ஃபீல்ட்ஸில் டீ ஆறுவதற்குள் ஜிஃப் ஆக்கி அனுப்பினேன். அடி விழும் கணத்தில் தொடங்கியிருந்தேன். கிள்ளான் நண்பன் கேட்டான்: “யாருடா அடிச்சது?” வெட்டில் காரணம் போய்விட்டது. தொடக்கத்தை அரை நொடி முன்னே நகர்த்தினேன். இப்போது சுத்தியல் மேலிருந்து வருவது தெரிகிறது.

```
ffmpeg -ss 11.9 -t 2 -i scene.mp4 -vf "fps=12,scale=320:-1" n.gif
```

நொடிக்கு 12 பிரேம் போதும், ஃபைல் சின்னதாகும். முடிவுதான் சிக்கல். அடியோடு நிறுத்தினால் வலி மட்டுமே சுழலும். முகம் மாறும்வரை விட்டால்தான் சிரிப்பு வருது.

ஜிஃபுக்கு ஒலி கிடையாது. வடிவேலுவின் வசனக் காட்சிகள் அதில் பாதி செத்துவிடும். இது பிழைப்பதற்குக் காரணம், நகைச்சுவை குரலில் இல்லை, அவர் உடம்பில் இருக்கிறது.