நத்தையும் எலியும்: ஒரு தீர்ப்பை மொழிபெயர்த்தபோது

ஆங்கிலச் சட்டம் படித்த யாரைக் கேட்டாலும் அந்த நத்தையைத் தெரியும் என்பார்கள். 1928 ஆகஸ்ட் 26. ஸ்காட்லாந்தில் பெய்ஸ்லி என்ற ஊரில் ஒரு கடை. மே டொனஹ்யூ என்ற பெண்ணுக்கு அவருடைய தோழி ஜிஞ்சர் பியர் வாங்கிக் கொடுக்கிறார். பாட்டில் உள்ளே தெரியாத கறுத்த கண்ணாடி. கொஞ்சம் குடித்தபின் மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்தது என்பது டொனஹ்யூவின் குற்றச்சாட்டு. காசு கொடுத்தவர் தோழி. அதனால் டொனஹ்யூவுக்குக் கடைக்காரரோடு ஒப்பந்தம் எதுவும் இல்லை. பானத்தைத் தயாரித்த ஸ்டீவன்சன் மேல்தான் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1932 மே 26 அன்று லண்டன் பிரபுக்கள் சபை, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில், அப்படி வழக்குப் போடலாம் என்றது.

இந்தத் தீர்ப்பின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்று சரிபார்ப்பதற்காக என்னிடம் வந்தது. கேட்டவர்கள் பிரெஞ்சு வழக்கறிஞர்கள். ஆங்கிலச் சட்டத்தில் பொருள் தயாரிப்பாளரின் பொறுப்பு எங்கிருந்து தொடங்குகிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். மொழிபெயர்த்தவர் புதுச்சேரியில் என்னோடு வேலை பார்க்கும் இளைஞர், பிரெஞ்சில் நல்ல கை. படித்தேன். நடை அருமை, எங்குமே தடுக்கவில்லை. எனக்குப் பயம் வந்தது அதனால்தான்.

இந்தத் தீர்ப்பை மொழிபெயர்ப்பது என்றதும் எல்லோரும் அட்கின் பிரபு சொன்ன அந்த 'அயலான்' யார் என்பதைத்தான் கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரனா, பைபிளில் வரும் பிறனா? பிரெஞ்சில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு, பைபிள் சொல்தான் சரி. பத்து நிமிட வேலை. உண்மையான சிக்கல் தீர்ப்புக்கு முன்னாடியே, யாரும் மொழிபெயர்ப்பாகவே மதிக்காத இடத்தில் இருந்தது. தலைக்குறிப்பில். நம்ம ஊர் வக்கீல்கள் ஹெட்நோட் என்பார்கள்.

தலைக்குறிப்பை நீதிபதிகள் எழுதுவதில்லை. தீர்ப்புத் தொகுப்பை வெளியிடுபவர்கள் அமர்த்திய வழக்கறிஞர் ஒருவர் எழுதுகிறார். தீர்ப்பு என்ன சொன்னது, எந்தப் பழைய வழக்குக்கு என்ன ஆயிற்று என்பதை அரைப் பக்கத்தில் சுருக்குவார். அதற்குச் சட்ட வலிமை கிடையாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1906-லேயே இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஆனால் பிரெஞ்சு வழக்கறிஞரின் பழக்கம் வேறு. அவர்களுடைய உச்ச நீதிமன்றமான கூர் த கசாசியோன் வெளியிடும் தொகுப்பில் சுருக்கம் நீதிமன்றத்துக்குள்ளேயே தயாராகிறது. அதை நம்பியே அவர் வளர்ந்தவர். நாம் ஒரு ஆங்கிலத் தலைக்குறிப்பைத் தனியாகப் பிரித்துக் காட்டாமல் பிரெஞ்சில் கொடுத்தால், அதையும் நீதிமன்றத்தின் குரலாகத்தான் படிப்பார்.

இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. பிரெஞ்சுத் தீர்ப்பில் ஒரே குரல்தான். நீதிபதிகளுக்குள் யார் உடன்பட்டார், யார் மறுத்தார் என்பது ரகசியம். டொனஹ்யூ வழக்கிலோ ஐந்து பிரபுக்களும் தனித்தனியே பேசுகிறார்கள். தொகுப்பில் முதலில் அச்சாகியிருப்பது பக்மாஸ்டர் பிரபுவின் உரை. அவர் தோற்ற பக்கம், வழக்கைத் தள்ள வேண்டும் என்கிறார். முதல் பத்துப் பக்கத்தைப் படித்துவிட்டு 'ஓ, ஸ்டீவன்சன் ஜெயித்துவிட்டார்' என்று ஒரு பிரெஞ்சு வாசகர் மூடி வைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. நம் வரைவில் 'மாறுபட்ட கருத்து' என்ற அடையாளம் தலைக்குறிப்பில் மட்டும் இருந்தது, உரையின் மேலே இல்லை.

இப்போது அந்தத் தலைக்குறிப்பின் கடைசி வரிகளுக்கு வருகிறேன். அங்கே மூன்று பழைய வழக்குகள், மூன்று வினைச்சொற்கள். 1869-ன் ஜார்ஜ் எதிர் ஸ்கிவிங்டன்: ஏற்கப்பட்டது. 1883-ன் ஹெவன் எதிர் பெண்டர் வழக்கில் நீதிபதி பிரெட் சொன்னவை: பரிசீலிக்கப்பட்டன. 1929-ன் மல்லன் எதிர் பார்: ஓவர்ரூல் செய்யப்பட்டது.

ஆங்கில வக்கீலுக்கு இவை சாதாரணச் சொற்கள் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரு முத்திரை. 'பரிசீலிக்கப்பட்டது' என்றால் பேசினார்கள், கட்டுப்படவில்லை என்று பொருள். பிரெட் சொன்ன விதி கொஞ்சம் அகலமாகப் போய்விட்டது என்று அட்கினே சொல்கிறார். வரைவில் அந்த இடத்தில் 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்ற பொருள் தரும் சொல் விழுந்திருந்தது. அது சின்னத் தப்பு. பெரிய தப்பு மூன்றாவதில்.

மல்லன் வழக்கும் ஜிஞ்சர் பியர்தான். பாட்டிலில் இருந்தது எலி. குடித்து உடம்புக்கு முடியாமல் போனவர்களின் வழக்கு ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் 1929 மார்ச்சில் தோற்றது. அவர்களுக்காக நின்ற அதே வழக்கறிஞர், வால்டர் லீச்மன், சில வாரங்களிலேயே டொனஹ்யூவுக்காக மனுப் போட்டார். எலியில் தோற்ற மனிதர் நத்தையோடு திரும்பி வந்தார்.

வரைவில் ஓவர்ரூல் என்பதற்குப் பிரெஞ்சில் 'காஸ்ஸே' என்று இருந்தது. போனில் கேட்டேன்.

"ரத்துதானே அக்கா? மேல் கோர்ட் கீழ் கோர்ட் தீர்ப்பை உடைச்சா காஸ்ஸேதான போடுவோம்?"

"எந்தக் கீழ் கோர்ட் தீர்ப்பு? மல்லன் வழக்கு மேல்முறையீட்டுக்கே வரலையேப்பா."

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு மெதுவாக, "அப்போ அந்த எலி கேஸ்காரங்களுக்கு ஒண்ணும் கிடைக்கலையா?"

கிடைக்கவில்லை. அதுதான் விஷயம். காஸ்ஸே என்றால் இந்த வழக்கில், இந்தக் கட்சிக்காரர்களுக்கு இடையே வந்த தீர்ப்பு செல்லாது, மறுபடி விசாரியுங்கள் என்று அர்த்தம். ஓவர்ரூல் என்றால் அந்தப் பழைய வழக்கு வைத்த விதி இனிமேல் யாரையும் கட்டுப்படுத்தாது, அவ்வளவுதான். அதில் தோற்றவர்கள் தோற்றவர்களாகவே இருப்பார்கள். டொனஹ்யூ தன் வழக்கை நடத்தும் உரிமையைப் பெற்ற அன்று, எலிக்காரர்களின் விதி செத்தது. அவர்களுடைய தோல்வி சாகவில்லை. பிரெஞ்சு வழக்கறிஞர் 'காஸ்ஸே'யைப் பார்த்தால் அவர்கள் பிழைத்தார்கள் என்று நினைப்பார். அதைவிட மோசம், ஆங்கிலேயத் தீர்ப்பு ஒன்று இன்னொன்றை எப்படிக் கொல்கிறது என்பதையே தவறாகப் புரிந்துகொள்வார். சரியான ஒற்றைச் சொல் தேடி அலைந்து, கடைசியில் 'இந்தத் தீர்ப்பின் விதி கைவிடப்பட்டது' என்று ஒரு சொற்றொடராகவே எழுதினோம். அழகாக இல்லை. சரியாக இருக்கிறது.

அடுத்தது வழக்கு மேற்கோள்கள், அதாவது சைட்டேஷன். மூல நூலில் அவை இப்படி இருக்கும்:

```
[1932] AC 562
(1883) 11 QBD 503
1929 SC 461
```

வரைவில் மூன்றுமே வட்ட அடைப்புக்குள் ஒரே மாதிரி அழகாக மாறியிருந்தன. சுருக்க எழுத்துகளும் பிரெஞ்சுப் பெயர்களாகிவிட்டன. பிரெஞ்சில் ஒரு தீர்ப்பைத் தேட நீதிமன்றம், நாள், வழக்கு எண் போதும். அடைப்புக்குறி வெறும் அலங்காரம் என்று தோன்றுவது இயல்பு. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. சதுர அடைப்பு என்றால் ஆண்டுதான் புத்தகத்தின் அடையாளம். 1932-ம் ஆண்டுத் தொகுதியை எடுத்து 562-ம் பக்கம் போ. வட்ட அடைப்பு என்றால் ஆண்டு சும்மா தகவல். 11-ம் தொகுதியை எடு. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆண்டையே அடையாளமாக வைக்கும்போது அடைப்பே போடுவதில்லை. இதைச் சமப்படுத்தினால் படிப்பவர் நூலகத்திலும் தேடுபொறியிலும் வழி தவறுவார். முகவரியை மொழிபெயர்த்தால் கடிதம் போய்ச் சேராது. மேற்கோள்களைத் தொடாமல் அப்படியே விட்டு, முன்னால் ஒரு பக்கம் சேர்த்தோம்: எது எந்தத் தொகுப்பு, எந்த நீதிமன்றம், இன்று உயிரோடு இருக்கிறதா.

கடைசியாக லத்தீன். 'லத்தீன் பொது மொழிதானே, அப்படியே விட்டுடலாம்' என்பது எங்கள் தொழிலில் ஒரு பழைய சோம்பேறித்தனம். தீர்ப்பின் முடிவுப் பகுதியில் மேக்மில்லன் பிரபு, இந்த வழக்கில் ரெஸ் இப்ஸா லொக்விட்டூர் என்ற கோட்பாட்டுக்கு இடமில்லை என்கிறார். சொல்லுக்குச் சொல், 'பொருளே பேசுகிறது'. பிரெஞ்சு வழக்கறிஞருக்கு லத்தீன் புரியும், அதனால் இதை ஒரு அலங்கார வாக்கியமாகப் படித்துக் கடந்துவிடுவார். ஆங்கிலச் சட்டத்தில் இது ஒரு சாட்சிய விதி. 1863-ல் ஒரு கிடங்கின் மேலிருந்து மாவுப் பீப்பாய் தெருவில் போனவர் மேல் விழுந்த வழக்கிலிருந்து வருவது. கவனமாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது, பொருளும் எதிராளியின் கையில்தான் இருந்தது என்றால், கவனக்குறைவு இருந்தது என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். மேக்மில்லன் அதை மறுக்கிறார். அதாவது நத்தை இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. ஸ்டீவன்சன் கவனமில்லாமல் இருந்தார் என்றும் டொனஹ்யூதான் நிரூபிக்க வேண்டும்.

எங்களிடம் கேட்ட வழக்கறிஞர்களுக்கு இந்த ஒரு வரிதான் முக்கியம். பிரான்சில் 1998 முதல் பழுதுள்ள பொருளுக்குத் தயாரிப்பாளர் தவறே செய்யாவிட்டாலும் பொறுப்பு. அந்தப் பழக்கத்தோடு வந்து டொனஹ்யூவைப் படித்தால் 'ஆங்கிலேயரும் 1932-லேயே இங்கே வந்துவிட்டார்கள்' என்று தோன்றும். வரவில்லை. அதைச் சொல்வது அந்த லத்தீன் வரி. அதைப் புரியாத லத்தீனாகவே விட்டால் முழுத் தீர்ப்பும் தலைகீழாகிவிடும். லத்தீனை வைத்துக்கொண்டு, பக்க அடியில் இரண்டு வாக்கியம் எழுதினோம்.

இதில் இன்னொன்றும் உண்டு. நத்தை இருந்ததா என்று எந்த நீதிமன்றமும் கடைசிவரை விசாரிக்கவில்லை. டொனஹ்யூ சொன்னது உண்மை என்றே வைத்துக்கொண்டால் வழக்கு நிற்குமா என்பது மட்டும்தான் கேள்வி. தீர்ப்பு வந்த அதே ஆண்டு ஸ்டீவன்சன் இறந்தார், விசாரணை நடக்காமல் சமரசத்தில் முடிந்தது. தலைக்குறிப்பில் 'குற்றம்சாட்டப்பட்டபடி' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளும்படி எழுதினேன்.

திருத்திய பிரதி முதல் வரைவைவிடக் கரடுமுரடாக இருந்தது. அந்த இளைஞருக்கு அதில் வருத்தம். "படிக்க நல்லா இல்லையே அக்கா" என்றார். நல்லாத்தான் இல்லை. முதல் வரைவு பிரெஞ்சில் எழுதப்பட்ட தீர்ப்பு போலவே இருந்தது, அதன் குறையே அதுதான். பிரெஞ்சு நீதிபதி எவரும் எழுதியிருக்க முடியாத ஒன்றை அது பிரெஞ்சு நீதிபதியின் குரலில் பேசியது. இலக்கியத்தில் நாம் கொண்டாடும் சரளம் இங்கே பொய் சாட்சி சொல்கிறது. வாசகர் நான்கு இடத்தில் தடுக்கி, 'இது எங்க ஊர் சமாச்சாரம் இல்லை' என்று நின்று பார்த்தால்தான், எலிக்காரர்கள் ஏன் வெறும் கையோடு போனார்கள் என்பது அவருக்குத் தெரியும்.