பெற்றோர் பெயர் இல்லாத வாழ்க்கை வரலாறு: காஸ்பர் ஹௌசர் வழக்கு

1828 மே 26, பெந்தகொஸ்தே திங்கட்கிழமை. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரச் சதுக்கம் ஒன்றில், சரியாக நடக்கவும் தெரியாமல் பேசவும் தெரியாமல் ஒரு பையன் நின்றான். கையில் ஒரு கடிதம். அந்நகரிலிருந்த ஆறாம் குதிரைப்படை ரெஜிமெண்டின் கேப்டன் ஒருவருக்கு அது எழுதப்பட்டிருந்தது. பையனின் பெயர் காஸ்பர் ஹௌசர் என்று ஆனது. ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 1833 டிசம்பர் 14 அன்று ஆன்ஸ்பாக் நகரத் தோட்டத்தில் மார்பில் கத்திக்காயம் பட்டு, மூன்றாம் நாள் இறந்தான். அவன் யார் பெற்ற பிள்ளை என்பது அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. பிறப்பு அறியப்படாதவன் என்றே அவன் கல்லறையில் இலத்தீனில் பொறித்திருக்கிறார்கள். அவனைப் பற்றி எழுதியவர்களில் பலர் அந்தக் கல்வெட்டின் நேர்மையைக் கடைப்பிடிக்கவில்லை.

வாழ்க்கை வரலாறு எழுதுபவர் முதலில் செய்ய வேண்டியது, எந்தச் செய்தி யார் வாயிலிருந்து வந்தது என்று பிரித்து வைப்பது. ஹௌசர் 1812 ஏப்ரல் 30 அன்று பிறந்தான் என்று எண்ணற்ற நூல்களில் காணலாம். அந்தத் தேதிக்கு ஒரே ஆதாரம் கடிதத்தோடு வந்த துண்டுச் சீட்டு. ஏழைத் தாய் ஒருத்தி எழுதியது போல அது இருந்தது. தகப்பன் ஆறாம் ரெஜிமெண்டின் குதிரை வீரன், இறந்துவிட்டான், பையனுக்குப் பதினேழு வயதானதும் அங்கே அனுப்புங்கள் என்றது. பெரிய கடிதமோ, பத்துப் பிள்ளைகளைப் பெற்ற கூலிக்காரன் ஒருவன் எழுதியதாகச் சொல்லிக்கொண்டது; 1812 அக்டோபர் 7 அன்று குழந்தை தன்னிடம் விடப்பட்டது என்றது. பதினாறு ஆண்டு இடைவெளியில் வெவ்வேறு இருவர் எழுதியவையாகக் காட்டப்பட்ட இரண்டையும் ஒரே கை எழுதியிருப்பதாகத்தான் பரிசோதித்தவர்கள் கருதினார்கள். அப்படியானால் தாய் எழுதியது தாய் எழுதியதல்ல. ஆகவே "ஏப்ரல் 30 அன்று பிறந்தான்" என்று எழுதுவது தவறு. "அவனோடு வந்த சீட்டு ஏப்ரல் 30 என்கிறது" என்பதே சரி. இந்தச் சிறு மாற்றத்தைச் செய்யாத நூலை நான் மற்ற இடங்களிலும் நம்புவதில்லை.

ஊகம் நுழைந்தது சாதாரண ஆளிடமிருந்து அல்ல. அன்செல்ம் ஃபாயர்பாக் பவேரியாவின் பெரும் சட்ட அறிஞர், ஆன்ஸ்பாக் மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவர். 1832இல் ஹௌசரைப் பற்றி நூல் வெளியிட்டவர். அவன் பாடன் அரச குலத்து வாரிசு என்று பவேரிய ராணி கரோலினுக்கு இரகசியக் குறிப்பும் எழுதினார். பாடன் பெருங்கோமகன் கார்லுக்கும் ஸ்டெஃபானி போஹர்னேக்கும் 1812 செப்டம்பர் 29இல் பிறந்த ஆண் குழந்தை அக்டோபர் 16இல் இறந்தது. இறந்தது மாற்றி வைக்கப்பட்ட வேறு குழந்தை, உண்மையான இளவரசன் ஹௌசரே என்பது அவர் வாதம். இவ்வளவு பெரிய குற்றத்தை மறைக்க வேண்டியவர்கள் யார், இலாபம் யாருக்கு என்று கேட்டுக்கொண்டே போய் அந்த முடிவை அடைந்தார். நோக்கத்திலிருந்து மனிதரைத் தேடும் இம்முறை, காவல்துறை விசாரணையைத் தொடங்கிவைக்க உதவலாம். பிறப்பை நிறுவ உதவாது. 1875இல் அக்குழந்தையின் அவசர ஞானஸ்நானம், பிரேதப் பரிசோதனை, அடக்கம் பற்றிய ஆவணங்கள் வெளியாயின. மறு ஆண்டு ஓட்டோ மிட்டெல்ஷ்டெட் அவற்றை வைத்து இளவரசக் கதையை மறுத்தார். என்றாலும் 1908இல் யாகோப் வாஸர்மன் எழுதிய நாவல் போன்றவை ஆவணங்களைவிட அதிகம் படிக்கப்பட்டன.

ஃபாயர்பாக்கின் சான்றுகளில் ஒன்றை மட்டும் நின்று பார்ப்போம். ஹௌசரின் கையில் அம்மை குத்திய தழும்பு இருந்தது. இது உயர்குடிப் பிறப்பைக் காட்டுகிறது என்றார் அவர். ஆனால் பவேரியா 1807 ஆகஸ்ட் மாதத்திலேயே அம்மை குத்துவதைச் சட்டப்படி கட்டாயமாக்கிவிட்டது. 1812இல் அந்நாட்டில் பிறந்த கூலிக்காரன் பிள்ளைக்கும் அத்தழும்பு இருக்க வேண்டியதுதான். தழும்பு குலத்தைச் சொல்லவில்லை. பவேரியச் சட்டம் நடந்த இடத்தில், எங்கோ ஒரு மருத்துவர் பட்டியலில் இந்தக் குழந்தையின் பெயர் ஏறியிருக்கலாம் என்பதை மட்டும் சொல்கிறது. அதே தடயம், கேள்வியை மாற்றிக் கேட்டவுடன், அரண்மனையை விட்டுக் கிராமத்துப் பதிவேட்டின் பக்கம் கை காட்டுகிறது.

மரபணுச் சோதனையின் கதையும் இதே பாடம்தான். 1996இல் டெர் ஷ்பீகல் வார இதழ் முன்கை எடுக்க, ஆன்ஸ்பாக் அருங்காட்சியகத்தில் ஹௌசருடையதாகப் பாதுகாக்கப்பட்ட உள்ளாடையின் இரத்தக்கறை மியூனிக்கிலும் பர்மிங்காமிலும் சோதிக்கப்பட்டது. ஸ்டெஃபானியின் பெண்வழி வம்சத்தோடு பொருந்தவில்லை. கறை அவனுடையதுதானா என்று எதிர்த் தரப்பு கேட்டது. 2002இல் மூன்ஸ்டர் நகரத்தில் அவனுடைய முடி சோதிக்கப்பட்டபோது கறையிலிருந்து வேறான முடிவு வந்தது. அது பாடன் வம்சத்துக்கு நெருக்கமாக இருந்தது. இளவரசக் கதை மீண்டும் எழுந்தது. 2024இல் இன்ஸ்ப்ரூக் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வால்டர் பார்ஸன் குழு, சிதைந்துபோன குறுந்துண்டுகளையும் வாசிக்கத்தக்க புதிய முறையில் முடிகளை ஆராய்ந்தது. முடியும் பழைய கறையும் ஒன்றே என்றும், அது டபிள்யூ எனப்படும் வகை, பாடன் வழியினுடையது வேறு என்றும் தெரிந்தது.

இங்கே நன்கு எழுதுபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். சோதிக்கப்பட்டது மைட்டோகாண்ட்ரிய மரபணு. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். ஆகவே நிறுவப்பட்டது ஸ்டெஃபானி அவன் தாய் அல்ல என்பது. தந்தை யார் என்பதைப் பற்றி இச்சோதனை ஒரு சொல்லும் சொல்லாது. டபிள்யூ வகை ஐரோப்பாவிலும் ஆசியாவின் மேற்கிலும் பரவிக் கிடப்பதால், தாய் எந்த ஊர்க்காரி என்பதையும் அதிலிருந்து எடுக்க முடியாது. அவன் இளவரசன் அல்ல என்று நிறுவியவுடனே, அப்படியானால் ஏமாற்றுக்காரன் என்று எழுதிவிடுகிறவர்கள் ஒரு ஊகத்தின் இடத்தில் இன்னொன்றை வைக்கிறார்கள். இருட்டறையில் அடைத்து வளர்க்கப்பட்டேன் என்று அவன் சொன்ன கதை உண்மையா என்பது தனிக் கேள்வி. அதற்கு மருத்துவக் குறிப்புகளையும் சாட்சியங்களையும் பார்க்க வேண்டும், பெண்வழி மரபணுவை அல்ல.

மிச்சமிருக்கும் தடயங்கள் எங்கே? அவன் பேசிய சில சொற்களில் பவேரியக் கிராமிய வழக்கு ஒலித்ததாகக் கேட்டவர்கள் பதிவு செய்தார்கள். எனவே தேட வேண்டிய நிலம் பவேரியாவின் கிராமப் பங்குகள். திருமணமாகாத தாய்க்குப் பிறந்த குழந்தையின் ஞானஸ்நானப் பதிவில் தாயின் பெயர் இருக்கும். தகப்பன் பெயர், சொல்லப்பட்டிருந்தால் மட்டும் இருக்கும். சீட்டின் தேதியை வேலைக் கருதுகோளாக எடுத்தால், கரு உண்டானது 1811 ஜூலை கடைசி அல்லது ஆகஸ்ட் தொடக்கம். அந்த வாரங்களில் ஆறாம் ரெஜிமெண்டின் பிரிவுகள் எந்த ஊர்களில் தங்கியிருந்தன என்பதை மியூனிக்கிலுள்ள போர் ஆவணக் காப்பகத்தில் தேடலாம். பவேரியப் படை 1812இல் நெப்போலியனோடு ரஷ்யா சென்று பெரும்பகுதி அழிந்தது. இறந்த குதிரை வீரர்களின் பட்டியல் நீளமானது. ஊர்களின் பட்டியலும் ஞானஸ்நானப் பதிவும் அம்மை குத்திய பட்டியலும் ஒரே பெயரில் சந்தித்தால்தான் அது வேட்பாளர். பிறகும் அக்குழந்தை சிறுவயதில் இறந்ததா, கல்யாணமாகி ஊரில் வாழ்ந்ததா என்று அடக்கப் பதிவிலும் திருமணப் பதிவிலும் பார்த்து நீக்க வேண்டும். நீக்கப்பட்ட பெயர்களையும் காரணத்தோடு வெளியிட வேண்டும். இல்லையேல் அடுத்து வருபவர் அதே பெயரைக் கண்டுபிடிப்பாக அறிவிப்பார்.

எல்லாம் பொருந்தி ஒரு தாய் கிடைத்தாலும், அவளுடைய பெண்வழியில் இன்று உயிரோடிருக்கும் ஒருவர் சம்மதித்து மாதிரி தந்து, அது டபிள்யூ வகையின் அதே வரிசையாக இருக்க வேண்டும். அதுவரை நூலின் வம்சாவளிப் பக்கத்தில் தாய், தகப்பன் என்ற இரு கட்டங்களும் வெற்றாகவே அச்சாக வேண்டும். அவற்றின் கீழே ஓர் அடிக்குறிப்பு: ஸ்டெஃபானி போஹர்னே தாய் அல்ல, 2024.