இறைக்காட்சி விவாதம்

இறைக்காட்சி (ருஃயத்துல்லாஹ்) என்பது, இறைநம்பிக்கையாளர்கள் மறுமையில் அல்லாஹ்வைக் கண்களால் காண்பார்களா என்பது பற்றி இஸ்லாமிய இறையியலில் எழுந்த விவாதம். காண்பார்கள் என்பது அஹ்லுஸ் ஸுன்னா எனப்படும் பெரும்பான்மையோரின் கொள்கை. அஷ்அரி, மாத்துரீதி என்னும் இரு இறையியல் பள்ளிகளும் இதில் ஒன்றுபடுகின்றன. காண்பது இயலாது என்றனர் முஃதஸிலாக்கள். ஷீஆ இமாமிய்யாக்களும் இபாளிகளும் இன்றும் அதே கருத்தில் உள்ளனர். தமிழர் பலர் வேலை பார்க்கும் ஓமான், இபாளிக் கொள்கை வேரூன்றிய நாடு.

ஒரு காலத்தில் இக்கேள்வி உயிரைப் பறித்திருக்கிறது. முஃதஸிலாக் கொள்கையை அரசுக் கொள்கையாக்கிய அப்பாசியக் கலீபாக்களுள் ஒருவரான வாஸிக், 846ஆம் ஆண்டு அஹ்மத் இப்னு நஸ்ர் அல்குஸாயி என்பவரைச் சாமர்ராவில் விசாரித்தார். குர்ஆன் படைக்கப்பட்டதா, மறுமையில் இறைவன் காணப்படுவானா என்ற இரண்டையும் கேட்டார். இரண்டாவது கேள்விக்கு, பௌர்ணமி நிலவைக் காண்பது போல் உங்கள் இறைவனைக் காண்பீர்கள் என்னும் கருத்துள்ள நபிமொழியையே அவர் பதிலாகச் சொன்னார். கலீபா தம் கையாலேயே வாளெடுத்தார். வெட்டப்பட்ட தலை பாக்தாதில் தொங்கவிடப்பட்டது.

விவாதத்தின் உயிர்நாடி சொற்பொருள். குர்ஆன் 75:22, 23 வசனங்கள் மறுமை நாளில் சில முகங்கள் ஒளிர்ந்து தம் இறைவன்பால் 'நாளிரா'வாக இருக்கும் என்கின்றன. 'நளர்' என்னும் வேர்ச்சொல்லுக்குப் பார்த்தல், எதிர்பார்த்தல் என்ற இரு பொருளும் உண்டு. தமிழருக்கு இது புதிதல்ல. 'வழி பார்த்திருந்தாள்' என்றால் காத்திருந்தாள் என்றே பொருள். 'எதிர்பார்' என்னும் சொல்லுக்குள்ளேயே 'பார்' இருக்கிறது. வசனம் இறைவனைப் பார்ப்பதைச் சொல்கிறதா, அவன் தரும் வெகுமதிக்குக் காத்திருப்பதைச் சொல்கிறதா என்பதே கேள்வி.

அஷ்அரி (மறைவு ஏறத்தாழ 935) ஒவ்வொரு பொருளாக விலக்கிக்கொண்டே வந்தார். சிந்தித்துப் படிப்பினை பெறும் பார்வை இவ்வுலகுக்கு உரியது, மறுமைக்கன்று. இரக்கப் பார்வை படைத்தவனிடமிருந்து படைப்பை நோக்கி வருவது, திரும்பிச் செல்லாது. காத்திருப்பில் ஏக்கமும் வருத்தமும் உண்டு. சொர்க்கத்தில் அவற்றுக்கு இடமில்லை. முகத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவதால் கண்பார்வையே எஞ்சுகிறது. இவற்றுள் காத்திருப்பு பற்றிய வாதம் பலவீனமானது. தவறாமல் வரப்போகும் பரிசுக்காகக் காத்திருப்பது துன்பமாகாது என்று முஃதஸிலாக்கள் எளிதாகப் பதில் சொல்லிவிட்டனர்.

எதிர்த்தரப்பின் வாதங்களுள் மிக அழகானது ஸமக்‌ஷரியுடையது (மறைவு 1144). 'தம் இறைவன்பால்' என்ற சொல் வசனத்தில் முன்னே வைக்கப்பட்டிருப்பதால் 'அவனை மட்டுமே' என்ற பொருள் வருகிறது. ஆனால் மறுமையில் மக்கள் எண்ணற்றவற்றைப் பார்ப்பார்கள். எனவே இது நம்பி எதிர்பார்ப்பதையே குறிக்கும் என்றார். சான்றுக்கு ஓர் அன்றாட நிகழ்ச்சியைத் தந்தார். மக்காவில் நண்பகலில், வீடுகளெல்லாம் கதவடைத்து உறங்கும் வேளையில், பிச்சை கேட்ட ஒரு பெண் தன் கண்கள் அல்லாஹ்வையும் அவ்வீட்டாரையும் நோக்கியிருப்பதாகச் சொன்னதை அவரே கேட்டிருக்கிறார். அவள் யாரையும் பார்க்கவில்லை, உதவியை எதிர்பார்த்தாள். ஆனால் இந்தச் சான்று அப்பொருள் வரக்கூடும் என்பதைத்தான் காட்டும். இவ்விடத்தில் அதுதான் பொருள் என்று காட்டாது.

முஃதஸிலாக்களின் முதன்மை ஆதாரம் 6:103. பார்வைகள் இறைவனை 'இத்ராக்' செய்யா என்கிறது அவ்வசனம். இறைவனைப் புகழும் இடத்தில் இது மறுக்கப்பட்டிருக்கிறது. ஆகவே என்றேனும் அது நிகழுமானால் அவனுக்குக் குறையாகிவிடும் என்றனர். இதற்கான மறுப்பை மற்றத் தரப்பு குர்ஆனிலேயே கண்டெடுத்தது. 26:61இல் மூசா நபியின் கூட்டமும் பிர்அவ்னின் படையும் ஒன்றையொன்று பார்த்துவிடுகின்றன. நாம் பிடிபட்டுவிடுவோம் என்று மூசாவின் தோழர்கள் அஞ்சுகிறார்கள். அங்கு வருவதும் 'இத்ராக்' என்னும் அதே வேர்தான். இல்லை என்கிறார் மூசா. ஆக, பார்த்தல் நடந்துவிட்டது, இத்ராக் நடக்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல. இத்ராக் என்பது எட்டிப் பிடித்தல், முழுதாகச் சூழ்ந்துகொள்ளுதல். கடலைக் கரையில் நின்று பார்ப்பவர் கடல் முழுவதையும் கண்ணில் அடக்கிவிடுவதில்லை. இருதரப்புச் சான்றுகளிலும் இதுவே வலுவானது எனலாம். 6:103ஐத் தமிழாக்குபவர் 'பார்வைகள் அடையா' என்று எழுதினால் விவாதம் திறந்தே இருக்கும். 'கண்கள் காணா' என்று எழுதினால் தம்மை அறியாமலே முஃதஸிலா பக்கம் தீர்ப்பளித்துவிடுகிறார்.

மூன்றாவது இடம் 7:143. உன்னைப் பார்க்க வேண்டும் என்று மூசா கேட்க, 'லன்' என்ற மறுப்புச் சொல்லுடன் பதில் வருகிறது. மலை தன் இடத்தில் நிலைத்தால் காணலாம் என்ற நிபந்தனையும் உண்டு. மலை நொறுங்குகிறது. 'லன்' என்றைக்குமான மறுப்பு என்றது முஃதஸிலாத் தரப்பு. ஆனால் 2:95இல் ஒரு கூட்டத்தார் மரணத்தை ஒருபோதும் விரும்பமாட்டார்கள் என்று 'லன்' வருகிறது, அதோடு 'என்றென்றும்' என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. 43:77இலோ நரகவாசிகள் தங்கள் கதையை முடித்துவிடுமாறு மன்றாடுகிறார்கள். எனவே இம்மையைப் பற்றிய மறுப்பு மறுமையைக் கட்டாது. 'லன்' நிரந்தர மறுப்பு என்ற கருத்தை இலக்கண அறிஞர் இப்னு மாலிக்கும் (மறைவு 1274) ஏற்கவில்லை. இயலாத ஒன்றை ஒரு நபி கேட்பாரா என்பது அஷ்அரிகளின் கூடுதல் கேள்வி. மக்கள் வற்புறுத்தியதால்தான் கேட்டார் என்ற பதிலுக்கு 4:153 ஓரளவு இடந்தருகிறது. ஆனால் 7:143இல் மூசா தனக்காகவே கேட்பதாகத்தான் சொற்கள் அமைந்துள்ளன.

பகுத்தறிவுச் சான்றுகளில் நிலைமை தலைகீழ். காணப்படும் பொருள் கண்ணுக்கு எதிரில், ஒரு திசையில், ஒரு தொலைவில் இருக்க வேண்டும். அப்படியானால் அது உடலாகும். இறைவன் உடலல்லன் என்று முஃதஸிலாக்கள் வாதிட்டனர். அஷ்அரிகள் வேறு வழியில் போனார்கள். பொருள்களைப் பார்க்கிறோம், நிறங்களையும் பார்க்கிறோம். இரண்டுக்கும் பொதுவானது 'இருத்தல்' ஒன்றே. ஆகவே இருப்பது எதுவும் காணத்தக்கதே, இறைவனும் இருக்கிறான். அப்படியானால் ஓசையையும் மணத்தையும்கூடக் காண முடிய வேண்டுமே என்று கேட்டால், கொள்கையளவில் முடியும் என்றே பதில் வந்தது. இந்த வாதம் யாரையும் மாற்றியிருக்கும் என்று தோன்றவில்லை. அஷ்அரிப் பள்ளியின் பெரும் அறிஞரான பக்ருத்தீன் ராஸியே (மறைவு 1210) இதைக் கைவிட்டார். இந்த விஷயத்தில் மாத்துரீதியின் வழியைப் பின்பற்றி, வசனங்களையும் நபிமொழிகளையும் மட்டுமே ஆதாரமாகக் கொள்வதாக எழுதினார்.

கஸ்ஸாலி (மறைவு 1111) எடுத்த வழி இதைவிடப் பயனுள்ளது. ஒரு நண்பரின் முகத்தைக் கண்ணை மூடி நினைத்துவிட்டுப் பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். முகம் அதேதான்; தெளிவுதான் கூடியிருக்கிறது. காட்சியின் சாரம் அந்தக் கூடுதல் தெளிவே. கண்விழியும் திசையும் இவ்வுலகில் அது நிகழும் வழிகள் மட்டுமே. இறைவனைப் பற்றிய அறிவும் மறுமையில் அவ்வாறு முழுமைபெறலாம் என்றார். இந்த விளக்கம் காட்சியை அறிவுக்கு அருகே கொண்டுபோய்விடுகிறது. மறுமையில் இறைவனை ஐயமற அறிவார்கள் என்பதை முஃதஸிலாக்களும் ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியானால் இரு தரப்புக்கும் இடையே மிஞ்சுவது எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது.

தமிழ்நாட்டில் நிஜாமிய்யா பாடத்திட்டத்தைப் பின்பற்றும் அரபு மதரசாக்களில் மாணவர்கள் இவ்விவாதத்தைச் சந்திப்பது பெரும்பாலும் நஸபியின் கொள்கைநூலுக்குத் தஃப்தாஸானி (மறைவு 1390) எழுதிய விரிவுரையில். காட்சி அறிவுக்குப் பொருந்தக்கூடியது, வேதச் சான்றால் உறுதியாவது. ஆனால் இடமின்றி, திசையின்றி, தொலைவின்றி என்கிறது அந்நூல். தமிழகக் கடற்கரை ஊர்களில் பரவலாகப் பின்பற்றப்படும் மத்ஹபின் இமாமான ஷாபிஈ சொன்ன சான்று இன்னும் எளியது. 83:15இல் தீயோர் அந்நாளில் தம் இறைவனைவிட்டுத் திரையிடப்படுவார்கள் என்று வருகிறது. எல்லோருக்குமே திரை என்றால் அதைத் தீயோருக்கான தண்டனையாகத் தனித்துச் சொல்வானேன் என்று அவர் கேட்டார்.