தலைப்புச் செய்தியிலிருந்து கவிதை: கத்தரிக்கு அகப்படுவதும் அகப்படாததும்

1920இல் திரிஸ்தான் த்சாரா எழுதிய செய்முறை பலரும் அறிந்தது. செய்தித்தாளில் ஒரு கட்டுரையைச் சொல் சொல்லாக வெட்டிப் பையில் போட வேண்டும். மெல்லக் குலுக்கி, கைக்கு வந்த வரிசையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். நான்கு ஆண்டுகள் கழித்து, ஆந்த்ரே பிரெத்தோன் தம் முதல் சர்ரியலிச அறிக்கையில் தலைப்புகளையும் அவற்றின் துண்டுகளையும் மட்டுமே கொண்ட ஒரு கவிதையைச் சேர்த்தார். நீலக்கல்லோடு சிலோன் தீவும் அதில் வருகிறது. அவர் தந்த சலுகை ஒன்று முக்கியமானது: விரும்பினால் இலக்கணத் தொடர்பைக் காப்பாற்றிக்கொள்ளலாம். 1959இல் பாரிஸில் பிரயன் கைசின் செய்தித்தாள்களை வெட்டி ஒட்டிப் பார்த்ததும், வில்லியம் பரோஸ் அந்த முறையைக் கையில் எடுத்ததும் த்சாராவின் தற்செயல் வழியைத் தொடர்ந்தவை.

ஊடகவியல் வகுப்புக்கு பிரெத்தோனின் வழிதான் உதவும் என்பது என் உறுதியான எண்ணம். குலுக்கி எடுத்த கவிதை குலுக்கலைப் பற்றித்தான் பேசும். தேர்ந்து அடுக்கும்போதுதான் தலைப்பின் மொழி எதைத் தருகிறது, எதை மறுக்கிறது என்று கைக்கே தெரியும். தமிழில் அந்த மறுப்பு எழுத்தின் வடிவத்திலேயே இருக்கிறது.

நாளிதழ்களின் வழக்கமான வார்ப்பில் அமைத்த ஐந்து தலைப்புகளை எடுத்துக்கொள்வோம்.

வயலில் மின்கம்பி அறுந்து விழுந்து விவசாயி பலி
குடிநீர் கேட்டு பெண்கள் சாலை மறியல்
தங்கம் விலை மீண்டும் உயர்வு
இன்றும் நாளையும் மழைக்கு வாய்ப்பு
போலீஸ் பேச்சுவார்த்தையால் கூட்டம் கலைந்தது

விதிகள் மூன்று. ஒரு சொல்லை ஒருமுறைதான் எடுக்கலாம். ஒரே தலைப்பிலிருந்து அடுத்தடுத்து இரண்டு சொற்களுக்கு மேல் எடுக்கக் கூடாது. மூன்றானால் பழைய செய்தியே பேசத் தொடங்கிவிடும். சொல்லை நறுக்கலாம், ஆனால் எழுத்தைத் திருத்தக் கூடாது.

மூன்றாவது விதிதான் தமிழில் வேலை வாங்குகிறது. நம் வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருபவை. ‘மழைக்கு’ என்பதில் ‘க்கு’வை வெட்டினால் மழை முழுதாக நிற்கும். ‘பேச்சுவார்த்தையால்’ என்பதிலும் ‘யால்’ சுத்தமாக விழுந்துவிடும். ‘வயலில்’ அப்படியில்லை. ல் என்ற மெய்யும் இ என்ற உயிரும் ‘லி’ என்ற ஒரே அச்செழுத்தாகிவிட்டன. அதற்குள்ளிருந்து வயலை வெளியே எடுக்க எந்தக் கத்தரியாலும் முடியாது. மெய்யில் முடியும் சொல்லோடு உயிரில் தொடங்கும் உருபு சேரும் இடமெல்லாம் இந்தப் பூட்டு விழும். மாணவர்கள் இங்கே பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடத் துடிப்பார்கள். வைத்துவிட்டால் அது கண்டெடுத்த கவிதை அல்ல, எழுதிய கவிதை.

இந்த விதிகளுக்குள் நின்று அடுக்கியது இது:

மழை கேட்டு
விவசாயி மறியல்.
இன்றும் நாளையும்
பேச்சுவார்த்தை.
தங்கம் அறுந்து விழுந்து
குடிநீர் விலை.
பெண்கள் கூட்டம்
கலைந்தது.

முதல் இரண்டு வரியில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். மூலத் தலைப்பில் விவசாயி செத்த பிறகுதான் செய்தியாகிறார். அவருக்கென்று அங்கே இருக்கும் ஒரே வேலை சாவு. பெண்களிடமிருந்து ‘கேட்டு’ என்ற சொல் இடம் மாறியதும் அவர் உயிரோடு எழுந்து கேட்கிறார். விலை ஏறும் தங்கம் சந்தைப் பக்கத்துச் சொல்லாக இருந்தது. ‘அறுந்து விழுந்து’ அருகே வந்ததும் யாரோ ஒருத்தியின் கழுத்துக்கு வந்துவிடுகிறது.

ஐந்தில் நான்கு தலைப்புகள் பெயர்ச்சொல்லில் முடிகின்றன: பலி, மறியல், உயர்வு, வாய்ப்பு. கலைந்தது ஒன்றுதான் வினைமுற்று. அதனால் கவிதையின் வாக்கியங்களும் பெயரில் போய் முட்டி நிற்கின்றன. கடைசியில் மட்டும் ஒரு செயல் முழுமையாக நடந்து முடிகிறது, அதுவும் தோல்வி. நான் அதைத் திட்டமிட்டு வைக்கவில்லை. ஒரே வினைமுற்று எங்கே போனாலும் அங்கே கவிதை முடிந்துவிடுகிறது.

பயிற்சி தவறிப்போகும் விதமும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘பலி’, ‘அதிரடி’, ‘பரபரப்பு’ போன்ற சொற்களைத்தான் கை முதலில் தேடும். அவை வந்துவிட்டால் மற்றச் சொற்கள் அடங்கிவிடும். தலைப்பின் கூச்சலையே உயரத்தில் அடுக்கியது போலாகும். சோதிக்க எளிய வழி, கவிதையை ஒரு தலைப்பாக அச்சிட முடியுமா என்று பார்ப்பது. முடியுமென்றால் சொற்கள் இன்னும் இடம்பெயரவில்லை.

மிச்சத்தைத் தூக்கி எறியக் கூடாது. மேலே உள்ளதில் மிஞ்சியவை: வயலில், மின்கம்பி, பலி, சாலை, மீண்டும், உயர்வு, வாய்ப்பு, போலீஸ், நறுக்கி விழுந்த க்கு, யால். இவற்றைக் கவிதைக்குக் கீழே ஒட்டி, ஒவ்வொரு சொல்லும் வந்த நாளிதழ், தேதி, பக்கம் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். உண்மைச் சாவுச் செய்தியிலிருந்து எடுத்த சொல்லானால் அந்தச் செய்தியை முழுக்கப் படித்த பிறகே கத்தரி வைக்க வேண்டும் என்பேன். ‘நான்’ என்ற சொல்லை ஐந்து தலைப்பிலும் தேடினேன். மிச்சத்திலும் இல்லை.