கட்டத்துக்குள் அடங்காத பதற்றம்

மனநல வார்டில் பயிற்சிக்குப் போகும் நர்சிங் மாணவிகள் ‘பிராசஸ் ரெக்கார்டிங்’ எழுதுவார்கள். நோயாளி சொன்னது, மாணவி சொன்னது, உடல்மொழி, கையாண்ட உத்தி என்று கட்டம் போட்டு ஓர் உரையாடலை வரிக்கு வரி பதிவது இது. கடும் பதற்றத்தில் இருப்பவரோடு பேசியதை எழுதும்போதுதான் இம்முறையின் குறை துலக்கமாகத் தெரிகிறது.

உதாரணத்துக்கு ஒரு பதிவு. நாற்பது வயதுப் பெண், மூச்சு வாங்குகிறது, கைகள் நடுங்குகின்றன. “நெஞ்சு அடைக்குது, செத்துடுவேன் போல இருக்கு” என்கிறார். மாணவி, “எதனால இப்படி இருக்குன்னு நினைக்கிறீங்க அக்கா?” என்று கேட்கிறாள். உத்திக் கட்டத்தில் ‘திறந்த வினா’ என்று எழுதுகிறாள். பாடப்புத்தகப் பட்டியலில் அந்த உத்தி இருப்பதால் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் அது தவறான கேள்வி.

செவிலியல் கோட்பாட்டாளர் ஹில்டகார்ட் பெப்லாவ் பதற்றத்தை லேசானது, மிதமானது, கடுமையானது, பீதி என நான்கு நிலையாகப் பிரித்தார். நிலை ஏற ஏற மனம் உள்வாங்கும் பரப்பு சுருங்குகிறது. பீதியில் இருப்பவரால் காரணம் தேட முடியாது. கேள்வி இன்னொரு சுமையாகும். அங்கே வேண்டியது, “நான் உங்க கூடவே இருக்கேன் அக்கா. மெதுவா மூச்சை வெளிய விடுங்க” போன்ற சிறு வாக்கியங்கள். கூட்டத்தையும் சத்தத்தையும் விலக்க வேண்டும், தனியே விடக்கூடாது. நெஞ்சடைப்பு பதற்றத்தால்தான் என்று மாணவியாக முடிவுகட்டாமல் நாடி, ரத்த அழுத்தம் பார்த்து டாக்டருக்குச் சொல்ல வேண்டும். “ஒண்ணும் ஆகாது” என்பதும் உதவாது. செத்துவிடுவோம் என்று நம்புகிறவருக்கு, தன் பேச்சு யார் காதிலும் ஏறவில்லை என்றே அது படும். திறந்த வினாவுக்கு நேரம், மூச்சு சீராகி அவரே பேசத் தொடங்கிய பிறகு.

இந்தப் பதிவு முறையை அதற்காகத் தள்ளிவிட முடியாது. உடல்மொழிக் கட்டம் மட்டும் இல்லையென்றால் பல மாணவிகள் நோயாளியின் கையைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். சொன்னதையும் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதால் ஆசிரியருக்கும் இடறிய இடம் தெரிகிறது.

இன்னொரு சிக்கல் நினைவு. எதிரில் உட்கார்ந்து குறிப்பெடுத்தால் பதற்றம் கூடும் என்பதால் பிறகுதான் எழுதுகிறார்கள். எழுதும்போது உரையாடல் சீராகிவிடுகிறது. பீதியில் இருக்கும் நோயாளி முழு வாக்கியத்தில் முறையாகப் பதில் சொல்வதாக இருந்தால், அந்தப் பக்கத்தை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். நிஜத்தில் பாதியில் அறுந்த சொற்களும், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும்தான் இருக்கும்.

திருத்தம் பெரிதல்ல. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அந்நேரத்துப் பதற்ற நிலையையும், அப்படி முடிவுசெய்ய எதைக் கண்டாள் என்பதையும் மாணவி எழுதட்டும். மேற்சொன்ன கேள்விக்கு எதிரே ‘பீதி: மூச்சு வாங்குகிறது, கை நடுங்குகிறது’ என்று எழுத நேர்ந்தால், ‘திறந்த வினா’ என்பதை அவளே அடித்துவிடுவாள். அப்படி அடித்துத் திருத்திய வரிக்கும் ஆசிரியர் மதிப்பெண் தர வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை அந்த வரி பதிவுக்கே வராது.