ஏழே கால் லட்சத்துக்கு ஒரே காரணமா?

ஒதுக்கீட்டைத் தாண்டிய செலவுக்கு ஒப்புதல் கேட்டுத் துறைத்தலைவர் நிதிப் பிரிவுக்கு எழுதும் குறிப்பு அவசியமானது. வாய்ப்பேச்சில் வாங்கிய அனுமதி தணிக்கையின்போது யார் நினைவிலும் இருக்காது; எழுத்தில் கேட்டவரோ தன் கையெழுத்தால் அந்தச் செலவுக்குப் பொறுப்பேற்கிறார். ஆனால் இந்தக் குறிப்புகளில் பல, மொத்தத் தொகையையும் அதற்கு ஒரேயொரு காரணத்தையும் சொல்லி நின்றுவிடுகின்றன. கோளாறு அங்கேதான்.

ஒரு நூற்பாலையின் பராமரிப்புத் துறையை எடுத்துக்கொள்வோம். ஜெனரேட்டர் டீசலுக்கு ஆண்டு ஒதுக்கீடு 40,000 லிட்டர், லிட்டர் 90 ரூபாய், ஆக 36 லட்சம். ஆண்டு முடிவில் 46,000 லிட்டர், சராசரி விலை 94 ரூபாய், செலவு 43.24 லட்சம். “டீசல் விலை உயர்வால் கூடுதலான 7.24 லட்சத்துக்கு ஒப்புதல் வேண்டும்” என்கிறது குறிப்பு.

விலை உயர்ந்தது உண்மைதான். ஆனால் லிட்டருக்கு நான்கு ரூபாய் என்றால், 46,000 லிட்டருக்கு 1.84 லட்சம்தான் வருகிறது. மீதி 5.40 லட்சம், கூடுதலாக எரிந்த 6,000 லிட்டரின் பழைய விலை. அது ஏன் எரிந்தது? மின்வெட்டு என்று சொல்லிவிடலாம். ஜெனரேட்டரின் லாக் புக்கைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். லிட்டருக்கு 3.5 யூனிட் என்ற கணக்கில் போட்ட பட்ஜெட் இது. மீட்டர் காட்டும் உற்பத்தி 1,47,000 யூனிட் என்றால், அதற்கு 42,000 லிட்டர் போதும். ஆக மின்வெட்டு விழுங்கியது 2,000 லிட்டர். எஞ்சிய 4,000 லிட்டர், அதாவது 3.60 லட்சம், லிட்டருக்குக் கிடைக்கும் யூனிட் 3.2 அளவுக்குச் சரிந்ததால் போனது. இன்ஜெக்டர் தேய்ந்திருக்கலாம், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், குறைந்த லோடில் ஓட்டியிருக்கலாம், டீசல் களவும் போயிருக்கலாம்.

கூடுதல் செலவில் ஏறக்குறைய பாதி, குறிப்பில் இடம்பெறாத காரணத்தால் வந்திருக்கிறது. குறிப்பில் பொய் இல்லை; கண்ணுக்கு முதலில் பட்ட காரணத்தின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றியிருக்கிறார்கள். அப்படியே ஒப்புதல் கொடுத்தால், அடுத்த ஆண்டு பட்ஜெட்டே 46,000 லிட்டரில் தொடங்கும். பழுது நிரந்தர ஒதுக்கீடாகிவிடும்.

குறிப்பு ஆண்டு முடிவில் வருவது இன்னொரு குறை. பணம் போனபின் நிதிப் பிரிவுக்குத் தேர்வு எதுவும் மிஞ்சுவதில்லை. மாதந்தோறும் லிட்டருக்கான யூனிட்டைக் குறித்திருந்தால் சரிவு முன்பே தெரிந்திருக்கும்.

தவறு ஒரு பக்கம் மட்டுமல்ல. கேட்டதில் பத்து சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டும் நிதிப் பிரிவுக்கு, பத்து சதவீதம் சேர்த்தே கேட்கத் துறைகள் பழகிவிடும். இந்தக் குறிப்புக்கு நான் எழுதும் உத்தரவு வேறு: விலைக்கும் மின்வெட்டுக்குமான 3.64 லட்சத்துக்கு உடனே ஒப்புதல்; 3.60 லட்சத்துக்கு இன்ஜின் சோதனை அறிக்கையும் டீசல் இருப்புக் கணக்கும் வந்தபின்.