ஒரு நாளில் ஒரு தேதி

பர்ச்சேஸ் ஆர்டர் கைக்கு வந்த ஒரு வேலை நாளுக்குள் சப்ளையர் அதை ஒப்புக்கொண்டு பதில் எழுத வேண்டும், சரக்கு புறப்படும் உறுதியான தேதியையும் அந்தப் பதிலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று வாங்கும் நிறுவனங்கள் நிபந்தனை வைக்கின்றன. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒற்றை நிபந்தனைக்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஆர்டர் வந்ததா, சரியாகப் புரிந்ததா என்பது ஒன்று. எப்போது அனுப்புவீர்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ஒரு நாள் தாராளம். இரண்டாவதற்குச் சில பொருள்களில் ஒரு மணி நேரமே போதும், சிலவற்றில் நான்கு நாளும் போதாது. இரண்டுக்கும் ஒரே கெடு வைப்பதால் இந்த நடைமுறையின் நல்ல பாதியும் சேர்ந்து கெடுகிறது என்பது என் கணிப்பு. கோயம்புத்தூர் பம்ப் தொழிலில் வார்ப்படம் வாங்கும் முறையை வைத்து இதைப் பார்க்கலாம்.

ஒரு மோனோபிளாக் பம்பின் வால்யூட் கேசிங், மோட்டார் பாடி, எண்ட் கவர் எல்லாம் பெரும்பாலும் வார்ப்பிரும்பில் ஆனவை. பம்ப் தயாரிப்பவர்கள் பலர் இவற்றை வெளியே ஃபவுண்டரிகளில் வாங்குகிறார்கள். இவற்றில் ஒன்று வராவிட்டாலும் பம்ப் வெளியே போகாது. வந்து சேர்ந்த மற்ற பாகங்கள் பணத்தை முடக்கிக்கொண்டு ஸ்டோர்ஸில் கிடக்கும். கோடை தொடங்கும் முன் பம்ப் கடைக்குப் போயாக வேண்டும் என்பதால் இரண்டு வாரத் தாமதம் என்பது சீசனில் ஒரு பகுதியை இழப்பதுதான்.

பதிலே வராத ஆர்டரின் ஆபத்து இங்கேதான். ஆர்டர் போனது, அந்தப் பக்கம் மௌனம். வேலை நடக்கிறது என்று பர்ச்சேஸ் பிரிவு நினைத்துக்கொள்கிறது. மூன்றாவது வாரத்தில் போன் செய்தால், “பேட்டர்ன் இன்னும் ஏத்தலீங்க சார், அடுத்த வாரம் போட்டுடலாங்க” என்று பதில் வருகிறது. அப்போது செய்வதற்கு அதிகம் மிச்சமிருக்காது. பேட்டர்ன் பெரும்பாலும் வாங்குபவருடைய சொத்துதான், ஆனால் இருப்பது ஃபவுண்டரியில். அதை எடுத்து இன்னொரு ஃபவுண்டரிக்குக் கொண்டுபோய், அங்குள்ள மோல்டிங் பெட்டிக்குப் பொருத்தி, மாதிரி வார்த்து, அளவு பார்த்து ஒப்புதல் தருவதற்குள் சீசன் நகர்ந்துவிடும். “முடியாது” என்ற பதில் இரண்டாம் நாளே வந்திருந்தால் அதைத் தாங்க வழி இருந்தது. வேறு மாடலை முதலில் அசெம்பிளிக்கு எடுத்திருக்கலாம், அளவைப் பாதியாகப் பிரித்து வாங்கியிருக்கலாம். ஒரு நாள் கெடுவின் உண்மையான பயன், மறுப்பை முன்கூட்டியே வெளியே கொண்டுவருவதுதான்.

அதன் இன்னொரு பயன், ஆர்டரை ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டியிருப்பது. வரைபட எண், அதன் திருத்த எண், இரும்பின் தரம், கிலோ விலை, எண்ணிக்கை ஆகியவற்றில் எது மாறியிருந்தாலும் உருக்கி ஊற்றிய பிறகு சரிசெய்ய முடியாது. அதனால் “ஆர்டர் கிடைத்தது, நன்றி” என்ற ஒற்றை வரிப் பதிலை நான் ஒப்புதலாகவே எண்ணுவதில்லை. திருத்த எண்ணையும் விலையையும் சப்ளையர் தம் கையால் திருப்பி எழுத வேண்டும். தம்மிடம் இருக்கும் வரைபடம் பழையது என்பது எழுதும்போதுதான் கண்ணில் படும்.

தேதியின் கதை வேறு. ஃபவுண்டரியில் ஒரு தேதி எப்படி உருவாகிறது என்று பார்த்தால் சிக்கல் விளங்கும். எந்த பேட்டர்னை எந்த நாளில் ஏற்றுவது என்பதை மோல்டிங் திட்டம் தீர்மானிக்கிறது. பல இடங்களில் அது வாரத்துக்கு ஒருமுறைதான் போடப்படுகிறது. ஒரே தர இரும்பு கேட்கும் ஆர்டர்களைச் சேர்த்துத்தான் உலை ஏற்றுவார்கள். கோர் முன்கூட்டியே தயாராக வேண்டும். ஊற்றி ஆறிய பின் மணலை உதறி, ஷாட் பிளாஸ்டிங் செய்து, ஃபெட்லிங்கில் பிசிறு நீக்கி, அதன் பிறகு மெஷினிங். மெஷினிங் வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போகுமானால் அந்தப் பட்டறையின் வரிசையையும் கேட்டாக வேண்டும். இவ்வளவையும் கேட்டறியாமல் சொல்லப்படும் தேதி வெறும் ஊகம். ஆர்டருக்குப் பதில் எழுதுபவர் அலுவலகத்தில் இருப்பவர். மோல்டிங் திட்டம் அவர் கையில் இல்லை. மாலைக்குள் பதில் போயாக வேண்டும் என்ற நெருக்கடியில் அவர் எளிதான வழியைப் பிடிக்கிறார்: நாம் கேட்ட தேதியையே உறுதித் தேதியாக எழுதி அனுப்பிவிடுகிறார்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. கடந்த சில மாத ஆர்டர்களை எடுத்து, நாம் கேட்ட தேதி, அவர்கள் முதலில் உறுதி சொன்ன தேதி, சரக்கு உண்மையில் புறப்பட்ட தேதி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். முதல் இரண்டும் எல்லா வரியிலும் ஒன்றாகவே இருந்து, மூன்றாவது மட்டும் சிதறிக் கிடந்தால், நமக்கு வந்துகொண்டிருந்தது உறுதிமொழி அல்ல, நம் எழுத்தின் நகல். தீபாவளியை அடுத்த வாரத்துக்கான உறுதித் தேதிகளை மட்டும் தனியாகப் பார்ப்பதும் பலன் தரும். வெளி மாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திரும்பாத அந்த நாட்களில் பல ஃபவுண்டரிகள் முழு அளவில் ஓடுவதில்லை. அப்படியிருந்தும் வழக்கமான நாட்களைப் போலவே தேதி வந்திருக்குமானால் அதை யாரும் யோசித்து எழுதவில்லை.

இந்த நகல் பழக்கத்தை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் வாங்குபவர்களே என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சப்ளையர் மதிப்பெண் அட்டையில் ஒரு நாளுக்குள் பதில் வந்தால் மதிப்பெண், கேட்ட தேதியோடு ஒத்துப்போனால் மேலும் மதிப்பெண் என்று வைத்தால், உண்மையான தேதியைச் சொல்பவர் தோற்கிறார். பிறகு தேதி தள்ளும்போது கணினியில் பழைய உறுதித் தேதியை அழித்துவிட்டுப் புதியதைப் பதிகிறார்கள். மாதக் கடைசியில் எல்லாச் சரக்கும் ‘நேரத்துக்கு’ வந்ததாகக் கணக்கு காட்டும். முதல் உறுதித் தேதியை அழிக்க முடியாதபடி தனியே வைத்து, மதிப்பெண்ணை அதைக் காத்ததற்கு மட்டும் கொடுத்தால் இந்த மாயை தீரும். நாம் கேட்கும் தேதியும் சுத்தமில்லை. பல இடங்களில் அது கணினி தானாகப் போட்ட ‘இன்றிலிருந்து 21 நாள்’. உண்மைத் தேவை அதற்கு முன்னும் இருக்கலாம், பின்னும் இருக்கலாம். அதை நெடுநாள் பார்த்துப் பழகிய சப்ளையர் அந்தத் தேதிக்கு மரியாதை தருவதில்லை.

எந்த நிகழ்வின் தேதி என்பதையும் ஆர்டரிலேயே சொல்லிவிட வேண்டும். ஃபவுண்டரிக்காரர் ‘ரெடி’ என்று சொல்லும் நாளில் சரக்கு வாங்குபவரின் பரிசோதகருக்காகக் காத்திருக்கலாம். லாரி ஏறிய நாளைத்தான் புறப்பட்ட தேதி என்று வைத்துக்கொண்டால் தகராறு குறையும்.

ஒரு கற்பனை ஆர்டரை எடுத்துக்கொள்வோம். திங்கள் காலை மூன்று வரிகளுடன் ஒரு ஆர்டர் போகிறது: வால்யூட் கேசிங் 600, மோட்டார் பாடி 400, மெஷினிங் செய்த எண்ட் கவர் 800. மூன்று வாரத்தில் வேண்டும். இப்போதைய விதிப்படி செவ்வாய் மாலைக்குள் மூன்றுக்கும் ஒரே தேதி வந்துவிடும், நாம் கேட்ட அதே தேதி. நான் விரும்பும் பதில் இப்படி இருக்கும்: கேசிங் பேட்டர்ன் அடுத்த வாரத் திட்டத்தில் இருக்கிறது, எனவே தேதி உறுதி. மோட்டார் பாடிக்கு ஆர்டரில் திருத்தம் சி, எங்களிடம் இருப்பது பி, வரைபடம் அனுப்புங்கள். எண்ட் கவருக்கு ஜாப் ஒர்க் பட்டறையைக் கேட்க வேண்டும், வியாழன் மாலை தேதி சொல்கிறோம். மூன்றில் ஒன்றுக்குத்தான் தேதி கிடைத்திருக்கிறது, ஆனாலும் இதில் தெரிவதெல்லாம் உண்மை. ஆகவே விதியை இப்படி மாற்றலாம்: ஒரு வேலை நாளுக்குள் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தேதியோ, தேதி சொல்லப்போகும் நாளோ வந்தாக வேண்டும். இரண்டாவதற்கும் ஒரு வரம்பு வேண்டும். ஃபவுண்டரியின் அடுத்த மோல்டிங் திட்டம் போடும் நாளை அதற்கு வைக்கலாம். இல்லாவிட்டால் ‘பார்த்துட்டு சொல்றோங்க’ என்பது முடிவில்லாமல் நீளும்.

பதில் வராவிட்டால் ஏற்றதாகக் கொள்ளப்படும் என்று ஆர்டரின் பின்பக்கம் அச்சடிப்பவர்கள் இந்த உழைப்பைத் தவிர்க்கப் பார்க்கிறார்கள். மௌனம் பொதுவாகச் சட்டப்படி ஏற்பு ஆகாது. தவிரவும், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 7ஆம் பிரிவு ஏற்பு என்பது மாற்றமின்றி முழுமையாக இருக்க வேண்டும் என்கிறது. சப்ளையர் வேறு தேதி எழுதி அனுப்பினால் அது ஏற்பு அல்ல, எதிர் முன்மொழிவு. அதை ஃபைலில் போட்டுவிட்டுப் பழைய தேதியையே நம்பியிருக்கும் பர்ச்சேஸ் பிரிவு பிறகு தாமதத்துக்கு இழப்பீடு கேட்டால், அதன் கையில் வலுவான ஆதாரம் இருக்காது. வந்த பதிலை அன்றே படித்து ஆர்டரைத் திருத்துவது வாங்குபவரின் வேலை.

கடையில் இருப்பில் உள்ள போல்ட்டும் பேரிங்கும் வாங்கும்போது இந்த நடைமுறை வீண். மாலையில் சரக்கே வந்துவிடும். வாரா வாரம் ஒரே வார்ப்படம் வாங்கும் இடத்திலும் ஒவ்வொரு சிறு ஆர்டருக்கும் தனித்தனி ஒப்புதல் கேட்பது சின்ன ஃபவுண்டரியை எழுத்து வேலையில் அமுக்கிவிடும். நான்கு வாடிக்கையாளர்கள், நான்கு இணையதளங்கள், ஒரே ஒரு அலுவலக ஊழியர் என்பதுதான் அங்கே நிலைமை. ஆண்டுக்கு ஒரு திறந்த ஆர்டர் போட்டு, வாரத்துக்கு ஒரு ஷெட்யூல் அனுப்பி, அதற்கு ஒரே உறுதி வாங்குவது அங்கே பொருந்தும். பேட்டர்ன் மாறும் பொருள், புதுத் திருத்தம், வெளி வேலை சேரும் பொருள் ஆகியவற்றுக்கு மட்டும் தனி ஒப்புதல் போதும்.

மேலே சொன்ன ஆர்டரில் மோட்டார் பாடியின் கதி என்ன ஆகும்? செவ்வாய் மாலை ஃபவுண்டரி வரைபடம் கேட்டது. அது பர்ச்சேஸ் மேசையிலிருந்து டிசைன் பிரிவுக்குப் போய், திரும்பி வர அடுத்த திங்கள் ஆகிவிட்டால், அந்த வார மோல்டிங் திட்டம் அதற்குள் போடப்பட்டிருக்கும். பாடி இன்னொரு வாரம் பின்னால் போகும். அந்த ஏழு நாள் சப்ளையரின் கணக்கில் தாமதமாக ஏறக் கூடாது. ஒரு நாளில் பதில் கேட்பவர், வரைபடக் கேள்விக்கும் ஒரு நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பதை அதே நிபந்தனையின் அடுத்த வரியாக எழுதலாம். பணத்துக்கும் ஒரு வரி வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்குச் சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் ஏற்கெனவே வரம்பு வைத்திருக்கிறது. ஆர்டரில் புறப்படும் தேதிக்குப் பக்கத்திலேயே பணம் வரும் தேதியும் அச்சாகியிருந்தால், அந்த ஃபவுண்டரிக்காரர் இரும்பு வாங்கும் நாளையும் உறுதியாகச் சொல்ல முடியும். அவர் சொல்லும் தேதிகளில் பாதி அந்த இரும்பைச் சார்ந்தே இருக்கிறது.